ஜப்பானிய விசிட்டிங் கார்டு: எந்தப் பக்கம் எதைச் சொல்கிறது?

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஜப்பானிய நிறுவனங்களோடு வேலை செய்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. கண்காட்சிக்குப் போன சக ஊழியர், வாங்கிய கார்டை மொபைலில் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறார். “இவருக்கு அழைப்புக் கடிதம் தயார் பண்ணுங்க” என்று கூடவே ஒரு வரி. கார்டின் ஒரு பக்கம் ஜப்பான் எழுத்து, மறுபக்கம் ஆங்கிலம். ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்துவிடத்தான் கை போகும்.

ஆனால் அந்த இரண்டு பக்கங்களும் ஒன்றுக்கொன்று நகல் அல்ல. பதவி என்ன என்பதை ஜப்பான் பக்கம்தான் துல்லியமாகச் சொல்லும். பெயரை எப்படி உச்சரிப்பது என்பதற்கு ஆங்கிலப் பக்கம்தான் சாட்சி. இரண்டுமே படத்தில் இல்லாவிட்டால், விட்டுப்போன பக்கத்தைக் கேட்டு வாங்கிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கார்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஜப்பான் பக்கத்தில் பெயர் 大野 裕子, அதன் மேல் 執行役員 製造部長 என்று பதவி. ஆங்கிலப் பக்கத்தில் Yuko Ohno, Executive Officer, General Manager.

முதலில் பெயர். 裕子 என்பதை யூகோ என்றும் படிக்கலாம், ஹிரோகோ என்றும் படிக்கலாம். எழுத்தை வைத்து ஜப்பானியர்களே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆங்கிலப் பக்கம் Yuko என்பதால் சந்தேகம் தீர்ந்தது. குடும்பப் பெயரில் வேறு சிக்கல். 大野 நெடிலில் தொடங்கும் ஓனோ. 小野 குறிலில் தொடங்கும் ஒனோ. ஆங்கிலத்தில் இரண்டையுமே Ono என்று எழுதுவது வழக்கம். நெடில் என்று காட்ட விரும்புகிறவர்கள் இடையில் h சேர்த்து Ohno என்று எழுதுவார்கள். தமிழில் எழுதும்போது நமக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஒ, ஓ இரண்டும் நம்மிடம் உண்டு. ஆனால் எதைப் போடுவது என்று தெரிய, ஜப்பான் பக்கத்தின் முதல் எழுத்து ‘பெரிய’ என்ற 大 தானா, ‘சிறிய’ என்ற 小 தானா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாக வேண்டும்.

எது குடும்பப் பெயர் என்பதும் குழப்பும். ஜப்பான் அரசு தன் ஆவணங்களில், ஆங்கிலத்திலும், குடும்பப் பெயரை முதலில் எழுதும் முறையை 2020 ஜனவரி 1 முதல் கடைப்பிடிக்கிறது. நிறுவனங்களில் பலவும் பழையபடி அதைப் பின்னால்தான் போடுகின்றன. ஜப்பான் பக்கத்தில் முதலில் இருப்பது எப்போதும் குடும்பப் பெயர்தான். அதோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கடிதத்தில் ‘திரு’வா ‘திருமதி’யா என்று தெரியாவிட்டால் ‘ஓனோ சான்’ போதும். அது இருபாலருக்கும் பொருந்தும் மரியாதை.

அடுத்து பதவி. 製造部長 என்றால் உற்பத்தித் துறைத் தலைவர். இதில் 部長, அதாவது புச்சோ, ஒரு துறை முழுவதற்கும் பொறுப்பானவர். அவருக்குக் கீழே ஒரு பிரிவைப் பார்ப்பவர் 課長, கச்சோ. ஒரு நிறுவனம் புச்சோவை ‘ஜெனரல் மேனேஜர்’ என்று அச்சடிக்கும், இன்னொன்று வெறும் ‘மேனேஜர்’ என்று போடும். கச்சோவையும் ‘மேனேஜர்’ என்று போடும் கார்டுகள் உண்டு. ஆகவே இரண்டு நிறுவனத்து ‘மேனேஜர்’களை ஒரே தட்டில் வைத்து, யாரை முன்வரிசையில் உட்காரவைப்பது என்று முடிவு செய்யக்கூடாது. தமிழில் எழுத ஜப்பான் பக்கத்தைப் பார்த்து ‘துறைத் தலைவர்’, ‘பிரிவுத் தலைவர்’ என்று போடுவது நல்லது. ஆங்கிலக் கடிதத்தில் மட்டும், அவருடைய நிறுவனம் அச்சிட்ட சொல்லை மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். அது அவர்கள் தேர்ந்தெடுத்த பெயர். நாம் அதைத் திருத்தக் கூடாது.

படம் சரியாக விழாவிட்டால் ஆபத்து இங்கேதான். 執行役員 என்ற நான்கு எழுத்தில் கடைசி எழுத்தை விரலோ வெளிச்சமோ மறைத்துவிட்டால் 執行役 என்று ஆகிவிடும். அதுவும் நிஜமான பதவிதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஜப்பானிய கம்பெனிச் சட்டம் வரையறுத்திருக்கும் பதவி 執行役. 執行役員 என்பதோ நிறுவனங்கள் தாங்களாகக் கொடுக்கும் பதவி. அச்சட்டத்தில் அது இல்லை. இதேபோல, ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரத்தைத் தேடுகிறவர்கள் ‘பிரசிடெண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை நம்பக் கூடாது. ஜப்பான் பக்கத்தில் 代表取締役, அதாவது ‘பிரதிநிதி இயக்குநர்’ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் சட்டப்படி அந்த அதிகாரத்தைக் குறிக்கும் சொல் அதுதான்.

கார்டை ஸ்கேன் செய்யும் செயலிகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 髙橋 என்று எழுதிக்கொள்பவரின் பெயரை அவை 高橋 என்று மாற்றிவிடலாம். உச்சரிப்பு இரண்டுக்கும் தகாஹாஷிதான். ஆனாலும் தன் பெயரின் எழுத்து மாறியிருப்பதை அவர் உடனே கவனிப்பார்.

விசாவுக்கான அழைப்புக் கடிதம் என்றால் மட்டும் கார்டின் இரு பக்கத்தையும் ஒதுக்கிவைக்க வேண்டும். ஜப்பான் பாஸ்போர்ட்டில் நெடிலைக் காட்டாமல் ONO என்று எழுதுவதே பொது விதி. OHNO வேண்டுமென்றால் அவரே கேட்டுப் பெற்றிருக்க வேண்டும். கார்டில் Ohno என்று இருப்பவரின் பாஸ்போர்ட்டில் ONO என்று இருப்பது சாதாரணமாக நடப்பதுதான். கடிதத்தில் ஓர் எழுத்து வேறுபட்டாலும் அவர் தூதரகத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரலாம். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தை அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் போட்டுவிட்டு, பதில் வரும்வரை கடிதத்தில் பெயருக்கான இடத்தைக் காலியாகவே வைத்திருங்கள்.