வற்றிய தசைக்குக் கிரியேட்டின் உதவுமா?

1966-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் இருவரும் தங்கள் கால்களையே சோதனைக்கு உட்படுத்தினார்கள். ஒரே சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் ஓயும்வரை மிதித்தார்கள். அடுத்த மூன்று நாளும் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. தொடையில் ஊசி செலுத்திக் கடுகளவு தசையை எடுத்துப் பார்த்தபோது, மிதித்த காலில் மட்டும் கிளைக்கோஜன் மற்றக் காலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்ந்திருந்தது. வற்றிப்போன தசைதான் சர்க்கரையை ஆவலோடு இழுத்துச் சேர்த்துவைக்கிறது.

நீண்ட ஓட்டத்தில் கால் கனத்து, வேகம் சட்டென்று விழுவதற்குப் பெரும்பாலும் இந்தக் கிளைக்கோஜன் தீர்வதே காரணம். கிரியேட்டினின் வேலை வேறு: சில விநாடி நீடிக்கும் வெடிப்பான முயற்சிக்கு அது ஆற்றல் தருகிறது. அப்படியிருக்க, கிளைக்கோஜனை நிரப்புவதில் அதற்கென்ன பங்கு?

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. 14 ஆண்கள் களைத்து ஓயும்வரை சைக்கிள் மிதித்தார்கள். பிறகு ஆறு நாள் எல்லோருக்கும் மாவுச்சத்து மிகுந்த உணவு. ஒரு பிரிவினருக்கு மட்டும் நாளுக்கு 20 கிராம் கிரியேட்டின். அவர்களுடைய தசையில் கிளைக்கோஜன் கூடுதலாகச் சேர்ந்தது. ஆனால் அந்தக் கூடுதல் முழுவதும் முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தது. அதன்பின் இரு பிரிவும் ஒரே வேகத்தில்தான் ஏறின. கிரியேட்டின் தசைக்குள் நீரை இழுப்பதால் செல் உப்பி, சேமிப்பு தூண்டப்படுகிறது என்பது ஒரு விளக்கம். அது இன்னும் உறுதியாகவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் சாப்பிட்ட கலோரியில் 80 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்து என்பது. கிரியேட்டின் கிளைக்கோஜனாக மாறுவதில்லை. சோறோ இட்லியோ போகாத வயிற்றில் அந்தப் பொடியைக் கரைத்துக் குடித்தால், நிரப்புவதற்குச் சரக்கே இருக்காது. 60 கிலோ எடையுள்ளவர் கடும் பயிற்சிக்குப்பின் முதல் நான்கு மணி நேரமும் மணிக்குச் சுமார் 60 கிராம் மாவுச்சத்து சாப்பிட வேண்டும். நாலு சிறிய இட்லியும் ஒரு வாழைப்பழமும் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

இன்னொரு விலையும் உண்டு. நாளுக்கு 20 கிராம் எடுக்கும் முதல் வாரத்திலேயே, நீர் தேங்குவதால், உடல் எடை ஒரு கிலோவோ சற்று அதிகமாகவோ கூடலாம். மாரத்தான் ஓடுபவர் அந்தச் சுமையை 42 கிலோமீட்டரும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஆட்டமோ பந்தயமோ இருப்பவருக்கு இது உதவக்கூடும். வாரம் ஒருமுறை நீண்ட ஓட்டம் போய்விட்டு மறுநாள் ஓய்வெடுப்பவருக்குச் சாப்பாடே ஓரிரு நாளில் தசையை நிரப்பிவிடும்.

எடுத்துக்கொள்பவர்கள் இரத்தப் பரிசோதனைக்குப் போனால் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். கிரியேட்டினின் கழிவான கிரியாட்டினின் அளவு சற்று ஏறிக் காட்டும். சிறுநீரகத்தில் கோளாறு என்று தவறாக நினைக்க இடமுண்டு. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.