புள்ளி உள்ள எண்ணும் புள்ளி இல்லாத எண்ணும்



சர்க்கரை வியாதி உள்ள பெற்றோருக்கு வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் இப்போது மீட்டரோடு கூட ஒரு செல்போன் செயலியையும் ஏற்பாடு செய்து கொடுக்கிறார்கள். தாயார் ஊரில் விரலில் குத்திப் பார்த்து எண்ணைப் பதிவு செய்தால், மகள் அங்கிருந்தே அதைப் பார்த்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வார்டுகளில் நாங்கள் நோயாளிகளைச் சந்திக்கப் போகும்போது, உறவினர்கள் போனை நீட்டி, "ஐயா, இதிலே 8.5 என்று காட்டுகிறதே, இது கூடுதலா குறைவா?" என்று கேட்கிறார்கள். உங்கள் வீடுகளிலும் இதே கேள்வி எழக்கூடும். ஆகவே மருத்துவர்களும் செவிலியர்களும் எங்களுக்கு விளக்கியதை இங்கே எழுதுகிறோம்.

ஒரே சர்க்கரை, இரண்டு கணக்கு

வாழைப்பழத்தை ஒரு கடையில் எடை போட்டுத் தருகிறார்கள். இன்னொரு கடையில் எண்ணித் தருகிறார்கள். பழம் ஒன்றுதான், கணக்குதான் வேறு. இரத்தத்திலுள்ள குளுக்கோஸுக்கும் இப்படி இரண்டு கணக்கு உண்டு. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில், அதாவது நூறு மில்லிலிட்டரில், எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று எடையைச் சொல்வது ஒரு முறை. திரையில் அது mg/dL என்று வரும். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் இதுவே வழக்கம். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் குளுக்கோஸ் இருக்கிறது என்று, மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்வது மற்ற முறை. அது mmol/L என்று வரும். இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் இதுவே வழக்கம்.

ஒரு மில்லிமோல் குளுக்கோஸின் எடை ஏறக்குறைய 180 மில்லிகிராம். ஒரு லிட்டரில் பத்து டெசிலிட்டர் உண்டு. எனவே லிட்டருக்கு ஒரு மில்லிமோல் என்றால் டெசிலிட்டருக்கு 18 மில்லிகிராம். நினைவில் வைக்க வேண்டிய எண் இந்தப் பதினெட்டு ஒன்றுதான். mmol/L எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு வரும். நம் ஊர் எண்ணைப் பதினெட்டால் வகுத்தால் அந்தக் கணக்கு வரும்.

மனக்கணக்காகச் செய்ய ஒரு வழி உண்டு. எண்ணை இருபதால் பெருக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 8.5ஐ இருபதால் பெருக்கினால் 170. அதில் 17 போனால் 153. இவ்வளவுதான். பேப்பரில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்க விரும்புவோருக்கு நான்கு வரிகள்:

3.9 என்றால் 70
5.6 என்றால் 100
7.0 என்றால் 126
10.0 என்றால் 180

திரையைப் பார்த்து அறிவது எப்படி?

முதலில் எண்ணின் அருகில் அலகு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சிறிய, மங்கிய எழுத்தில் இருக்கும். வயதானவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அலகு எழுதப்படாத இடங்களில், உதாரணமாக போனின் முகப்பிலோ கைக்கடிகாரத்திலோ எண் மட்டும் வரும்போது, புள்ளியைக் கவனியுங்கள். மில்லிமோல் கணக்கில் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வருவது வழக்கம்: 5.0, 8.5, 14.2. மில்லிகிராம் கணக்கில் புள்ளி வராது: 90, 153, 256. ஐரோப்பாவின் சில மொழிகளில் அமைத்த போனாக இருந்தால் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போட்டு 8,5 என்று காட்டும். அதுவும் எட்டரைதான், எண்பத்தைந்து அல்ல.

செயலியில் வரைபடம் இருந்தால் அதன் ஓரத்திலுள்ள எண்களும் உண்மையைச் சொல்லிவிடும். 100, 200, 300 என்று ஏறினால் அது நம் ஊர்க் கணக்கு. 5, 10, 15 என்று ஏறினால் அது மில்லிமோல். நல்ல அளவு என்று நிறம் தீட்டிய பட்டை 70 முதல் 180 வரையா, 3.9 முதல் 10.0 வரையா என்பதையும் பார்க்கலாம். இரண்டும் ஒரே பட்டைதான்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் 7.0, 8.2 என்று புள்ளியோடுதான் வருகிறது. ஆனால் அதன் பக்கத்தில் சதவீதக் குறி இருக்கும். 7.0 சதவீதம் என்பது ஒரு பரிசோதனைக் கூடத்தின் சராசரிக் கணக்கு, 7.0 mmol/L என்பது இந்த நிமிடத்துச் சர்க்கரை. ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடக்கூடாது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

பார்ப்பதில் வரும் தவறு பெரும்பாலும் சீக்கிரம் தெரிந்துவிடும். 150 பார்த்துப் பழகியவருக்கு 8.5 என்ற எண்ணே அதிசயமாகத் தோன்றுவதால் யாரிடமாவது விசாரிப்பார். பதிவு செய்வதில் வரும் தவறுதான் ஒளிந்துகொள்ளும். அது எப்படியென்று ஓர் உதாரணத்தால் காட்டுகிறோம்.

பாளையங்கோட்டையில் ஒரு தாயார், இங்கிலாந்தில் அவர் மகள் என்று வைத்துக்கொள்வோம். மகள் விடுமுறையில் வந்தபோது தன் பழைய போனில் செயலியை அமைத்துத் தாயாரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் செயலி mmol/L கணக்கில் இருக்கிறது. தாயாரின் மீட்டரோ இங்கே மருந்துக் கடையில் வாங்கியது. அது mg/dL காட்டுகிறது. ஒருநாள் காலை கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்ட தாயார், வீட்டுக்கு ஆள் வந்ததால் சாப்பிடப் பிந்திவிடுகிறார். கை நடுங்குகிறது, வேர்க்கிறது. விரலில் குத்திப் பார்க்கிறார்: 68. அது தாழ்ந்த சர்க்கரை.

அவர் அதைச் செயலியில் 68 என்று தட்டுகிறார். 68 மில்லிமோல் என்றால் நம் கணக்கில் 1,200க்கு மேல். செயலி அதை ஏற்காமல், எண் தவறு என்று சொல்கிறது. இதற்கு முன் அந்தத் திரையில் வந்த எண்களெல்லாம் புள்ளியோடு இருந்தது தாயாருக்கு நினைவு வருகிறது. 6.8 என்று தட்டுகிறார். செயலி உடனே ஏற்றுக்கொண்டு பச்சை நிறம் காட்டுகிறது. ஏனென்றால் 6.8 மில்லிமோல் என்பது 122, நல்ல அளவு.

சற்று நேரத்தில் மகள் போன் செய்கிறார். "அம்மா, இன்னிக்கு சுகர் நல்லாத்தானே இருக்கு, 6.8 தானே?" "ஆமாம்மா, ஆனா கை ஒரு மாதிரி நடுங்குது." "ராத்திரி சரியாத் தூங்கியிருக்க மாட்டீங்க. கொஞ்ச நேரம் படுங்கம்மா." இருவரும் அன்போடுதான் பேசுகிறார்கள். ஆனால் உடனே சர்க்கரை எடுக்க வேண்டியவர், சாப்பிடாமல் படுக்கப் போகிறார். மாத்திரையோ உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது.

இது ஏதோ ஓர் எண்ணுக்கு மட்டும் நேரும் தற்செயல் அல்ல. நம் ஊர்க் கணக்கில் 40 முதல் 69 வரை எல்லாமே தாழ்ந்த சர்க்கரை. அந்த எண்களின் நடுவே ஒரு புள்ளியை வைத்தால் 4.0 முதல் 6.9 வரை வரும். மில்லிமோல் கணக்கில் அவை யாவும் நல்ல அளவுகள்! 54 என்பது அவசரமாகக் கவனிக்க வேண்டிய தாழ்வு, 5.4 என்பது 97, ஆரோக்கியமானவரின் எண். அதாவது, எந்த நேரத்தில் எச்சரிக்கை மிகவும் தேவையோ அந்த நேரத்திலேயே இந்தத் தவறு எச்சரிக்கையை அழித்துவிடுகிறது. புள்ளி வைப்பது பத்தால் வகுப்பதாகும். நமக்கு வேண்டியதோ பதினெட்டால் வகுப்பது. 68ஐப் பதினெட்டால் வகுத்தால் 3.8. அதைப் பதிவு செய்திருந்தால் மகளின் திரையில் சிவப்பு வந்திருக்கும்.

செய்ய வேண்டியது

மீட்டர் எந்தக் கணக்கோ, செயலியும் அந்தக் கணக்கில் இருக்கட்டும். இப்போது விற்கும் மீட்டர்களில் பெரும்பாலும் அலகு தொழிற்சாலையிலேயே நிலையாக்கப்பட்டிருக்கும். முன்பு சில மீட்டர்களில் தேதியும் நேரமும் அமைக்கும்போதே அலகு தவறி மாறிவிடக்கூடியதாக இருந்தது. 2005ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப்பற்றி எச்சரித்தது. ஆகவே மாற்ற வேண்டியது செயலியைத்தான். Settings என்ற பகுதியில் Units என்று தேடினால் பெரும்பாலான செயலிகளில் இரண்டு அலகுகளும் இருக்கும். தாயாரின் போனில் mg/dL தெரிந்தெடுங்கள். பல செயலிகளில் மகள் தன் போனில் தனக்குப் பழகிய கணக்கிலேயே பார்க்க முடியும். செயலியே சரியாகப் பெருக்கி வகுத்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அலகை மாற்றுவதால் பழைய தவறு திருந்தாது. 6.8 என்று தவறாகப் பதிந்தது, மாற்றியபின் 122 என்று நிற்கும். அப்போது அது தவறு என்று எவருக்கும் தோன்றாது. மருத்துவரும் அதை நம்பிவிடுவார். ஆகவே மாற்றுவதற்கு முன், மீட்டரின் நினைவகத்திலுள்ள எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, தவறானவற்றை அழித்துப் புதிதாகப் பதிவு செய்யுங்கள்.

கையில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்கள் எண்ணைத் தட்ட வேண்டியதில்லை. அவர்களுக்கு இந்தத் தவறு வராது. சந்தேகம் வந்தால் அதே நேரத்தில் விரலிலும் குத்திப் பாருங்கள். சென்சார் 8.5, மீட்டர் 160 என்றால் கவலை வேண்டாம். இரண்டும் சற்று வேறுபடுவது இயல்பு. பதினெட்டு மடங்கு வித்தியாசம் அலகினால் மட்டுமே வருவது.

கடைசியாக, எண்ணும் உடம்பும் ஒத்துப்போகாவிட்டால் உடம்பின் பக்கம் நில்லுங்கள். நடுக்கம், வேர்வை, திடீர்ப் பசி, தடுமாற்றம் இருந்தால், திரை பச்சையாக இருந்தாலும் கையைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி விரலில் பாருங்கள். பார்க்க வசதியில்லாவிட்டால் தாழ்ந்த சர்க்கரை என்றே எண்ணி, சுமார் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரை, தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். கொண்டுவரும்போது போனை மட்டுமல்ல, மீட்டரையும் எடுத்து வாருங்கள். மீட்டரில் உள்ளது எவரும் தட்டிப் பதிந்த எண் அல்ல.