கேம் தேய்வதில்லை, உள்ளே களைக்கிறது

பழைய டீசல் இன்ஜின்களின் இன்ஜெக்‌ஷன் பம்பைப் பிரித்தால், கேமின் ஏறுமுகத்தில் அம்மைத் தழும்பு போன்ற சிறு குழிகள் சிலநேரம் தென்படும். இறங்குமுகம் பளபளப்பாகவே இருக்கும். தேய்மானம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இந்தக் குழிகளில் பெரும்பாலானவை தேய்வதால் வருவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 மி.மீ. பிளஞ்சர் 560 பார் அழுத்தத்தில் டீசலைத் தள்ளும்போது, அதன் அடியிலுள்ள ரோலர் சுமார் 360 கிலோ எடையைக் கேமின் மேல் தாங்குகிறது. ரோலரின் ஆரம் 10 மி.மீ., அந்த இடத்தில் கேமின் வளைவு ஆரம் 15 மி.மீ., தொடும் நீளம் 12 மி.மீ. என்று கொள்வோம். இரண்டு வளைவுகள் தொடுவது கோடு அளவில்தான். எஃகு சற்றே அமுங்குவதால் அந்தக் கோடு 0.28 மி.மீ. அகலப் பட்டையாகிறது, அவ்வளவுதான். அதன் நடுவில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 13 டன்னைத் தாண்டும். கண்ணாடி வில்லைகள் ஒன்றையொன்று அழுத்துவதை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் 1881இல் தந்த சூத்திரம் இது.

இவ்வளவு அழுத்தத்திலும் எஃகு நசுங்காததற்குக் காரணம், சுற்றியுள்ள உலோகம் அதை எல்லாப் பக்கமும் நெருக்கிப் பிடித்திருப்பதுதான். ஆபத்து வெட்டு விசையில் இருக்கிறது. அது உச்சம் பெறுவது மேற்பரப்பில் அல்ல, நம் கணக்கில் 0.11 மி.மீ. ஆழத்தில். பம்ப் கேம் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால், 5,000 மணி நேரத்தில் அந்த ஆழம் 30 கோடி முறை நெரிபடுகிறது. எஃகில் சிக்கிய ஆக்சைடு துணுக்கு ஒன்று அங்கே இருந்தால் அதன் ஓரத்தில் விரிசல் பிறக்கும். பரப்புக்கு இணையாக ஓடிவிட்டுப் பிறகு மேலே திரும்பும். ஒருநாள் செதில் பெயர்ந்து விழும். ஆண்டுக்கணக்கில் ஓடிய பிறகே குழி தெரிவது இதனால்தான்.

மேலிருந்து தொடங்கும் குழியும் உண்டு. எண்ணெய்ப் படலம் மெலிந்து ரோலர் சறுக்கினால் பரப்பிலேயே நுண்விரிசல் விழும். ஸ்டூவர்ட் வே 1935இல் காட்டியதுபோல, அதற்குள் புகுந்த எண்ணெய் அழுத்தத்தில் அடைபட்டு விரிசலை இன்னும் பிளக்கிறது. காக்கவேண்டிய எண்ணெயே ஆப்பாகிவிடுகிறது!

குழி நிற்கும் இடமே பாதி நோயைச் சொல்லிவிடும். ஏறுமுகம் முழுக்கப் பரவியிருந்தால் அது களைப்பு. ஒரு ஓரத்தில் மட்டும் என்றால் ரோலர் சாய்ந்து ஓடியிருக்கிறது, சுமை முழுதும் அந்த விளிம்பில் விழுந்திருக்கிறது. பள்ளத்துக்குப் பதில் இழுபட்ட கீறல்கள் என்றால் ரோலர் ஊசியில் இறுகிச் சுழலாமல் நின்றிருக்கும்.

குழி விழுந்த கேமில் புது ரோலரை மட்டும் மாற்றுவது வீண் செலவு. குழியின் விளிம்புகள் புதிய ரோலரையும் சீக்கிரம் பதம் பார்த்துவிடும். கேமைச் சாணை பிடித்துச் சரிசெய்ய நினைப்பவர்கள், கடினப்படுத்திய மேல்தோல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று முதலில் கேளுங்கள். மேலே சொன்ன 0.11 மி.மீ. ஆழத்தைவிட அது பல மடங்கு தடிமனாக மிஞ்சவேண்டும். இல்லையென்றால் கேமையும் ரோலரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.