கிழிசலை வழிமறிக்கும் கட்டங்கள்

கடையில் இரண்டு முதுகுப் பைகள் தொங்குகின்றன. ஒன்றின் அட்டையில் ‘600 டி பாலியஸ்டர்’ என்றும், மற்றதில் ‘210 டி ரிப்ஸ்டாப் நைலான்’ என்றும் எழுதியிருக்கிறது. இரண்டாவது மெல்லியது, எடையும் குறைவு. ஆனால் விலை அதற்குத்தான் கூடுதல். எண் சிறுத்தும் விலை பெருப்பதற்குக் காரணம் உண்டு. அது நூலிலும் நெசவிலும் ஒளிந்திருக்கிறது.

‘டி’ என்றால் டெனியர். 9,000 மீட்டர் நீளமுள்ள நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ, அதுவே அதன் டெனியர். பட்டுப்புழு உமிழும் ஒற்றை இழை ஏறத்தாழ ஒரு டெனியர். ஒன்பது கிலோமீட்டர் நீண்டாலும் அதன் எடை ஒரு கிராம்தான்! பட்டு வணிகத்தில் பிறந்த இந்த அளவை நம் பட்டு நெசவாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். 20/22 டெனியர் கச்சாப் பட்டு அவர்களுக்குப் பழகிய சரக்கு.

ஆக, டெனியர் சொல்வது நூலின் எடையை மட்டுமே. அது பருமனைக்கூட நேராகச் சொல்வதில்லை. 210 டெனியர் நைலான் நூலை உருண்டையாகத் திரட்டினால் அதன் விட்டம் 0.16 மில்லிமீட்டர், சுமார் இரண்டு தலைமுடி அளவு. 840 டெனியருக்குப் போனால் எடை நான்கு மடங்காகிறது. விட்டமோ இரண்டு மடங்குதான்.

வலிமையை அறிய இன்னொரு எண் வேண்டும்: ஒரு டெனியருக்கு எத்தனை கிராம் இழுவையை நூல் தாங்கும் என்பது. இதற்கு இழுவுறுதி என்று பெயர். சாதாரண பாலியஸ்டருக்கு இது சுமார் 4. உயர் இழுவுறுதி நைலானுக்குச் சுமார் 8. இப்போது அந்த இரண்டு பைகளுக்கும் கணக்குப் போடலாம். 600 டெனியர் பாலியஸ்டர் நூல் தாங்குவது 2,400 கிராம். 210 டெனியர் உயர் இழுவுறுதி நைலான் நூல் தாங்குவது 1,680 கிராம். மூன்றில் ஒரு பங்கு எடையில் எழுபது சதவீத வலிமை! ஆனால் அட்டையில் ‘ஹை டெனாசிட்டி’ என்று இல்லாமல் வெறும் நைலான் என்றே இருந்தால், அந்த 1,680 ஏறக்குறைய பாதியாகிவிடலாம்.

நூல் வலுவாக இருந்தால் துணி கிழியாதா? ஜவுளிக்கடைக்காரர் மீட்டர் துணியைக் கிழிப்பதைக் கவனியுங்கள். விளிம்பில் கத்தரியால் ஒரு சிறு வெட்டு, பிறகு கையாலேயே சர்ரென்று நேர்கோட்டில் கிழித்துவிடுகிறார். வெட்டு இல்லாத துணியை இழுக்கும்போது நூற்றுக்கணக்கான நூல்கள் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. வெட்டு விழுந்த பிறகு, கிழிசலின் முனையில் நிற்கும் ஓரிரு நூல்கள்மேல் முழு விசையும் விழுகிறது. அவை அறுந்ததும் அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாக அறுபடுகின்றன.

ரிப்ஸ்டாப் இந்த வரிசையில் கைவைக்கிறது. பாவிலும் ஊடையிலும் 5 முதல் 8 மில்லிமீட்டருக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நூல்களைச் சேர்த்து ஒன்றாக ஓட்டுகிறார்கள். அல்லது ஒரு தடித்த நூலை வைக்கிறார்கள். துணியில் தெரியும் சின்னஞ்சிறு கட்டங்கள் இவைதாம். ஓடிவரும் கிழிசல் அந்த இடத்துக்கு வந்ததும் இரண்டு மூன்று நூல்களை ஒரேசமயத்தில் அறுக்க வேண்டியிருக்கிறது. விசை போதாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. இருபது நூலுக்கு ஒன்றை இரட்டித்தால் துணியின் எடை ஐந்து சதவீதம்தான் கூடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நைலான் பாராசூட்களுக்காக வளர்ந்த உத்தி இது. வானில் விரியும் குடையில் ஒரு சிறு கிழிசல் ஓட ஆரம்பித்தால் உயிர் போய்விடும் அல்லவா?

நீர்காப்புப் பூச்சுக்கும் இதில் பங்கு உண்டு என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. பாலியூரித்தேன் பூச்சு நூல்களை ஒன்றோடொன்று ஒட்டி அசையவிடாமல் செய்கிறது. ஆகவே கிழிசல் அவற்றை ஒவ்வொன்றாக எளிதில் அறுக்கிறது. சிலிக்கோன் வழுக்கும். கிழிசல் முனையில் நூல்கள் நகர்ந்து கொத்தாகத் திரண்டு எதிர்த்து நிற்கின்றன. ஒரே துணிக்கு, பூச்சை மாற்றினாலே கிழிதாங்கும் திறன் மாறிவிடுகிறது. அதனால்தான் 15, 20 டெனியர் அளவிலான மிக மெல்லிய துணிக்குச் சிலிக்கோன் பூச்சு அவ்வளவு பொருந்துகிறது.

கட்டங்களால் ஆகாதவையும் உண்டு. முள் குத்தினால் ஓட்டை விழத்தான் செய்யும். அது பெரிதாகாமல் தடுப்பது மட்டுமே ரிப்ஸ்டாப்பின் வேலை. சுவரிலும் சிமென்ட் தரையிலும் உரசித் தேய்வதற்கு எதிராகவும் அது உதவாது. மேடாக நிற்கும் கட்ட நூல்களே முதலில் தேயும். அங்கே பருமனான நூல்தான் வெல்லும். தினமும் பேருந்திலும் தரையிலும் இழுபடும் பள்ளிப் பைக்கு நான் அந்த 600 டெனியரையே எடுப்பேன். மலையேற்றத்துக்கும் மழைச்சட்டைக்கும் ரிப்ஸ்டாப்.

வாங்குமுன், கட்டம் வெறும் அச்சா என்று பாருங்கள். கட்டத்தை மேலே அச்சடித்தோ அழுத்தியோ பதித்த துணிகளும் விற்பனைக்கு வருகின்றன; விரலால் தடவி மட்டும் கண்டுபிடிக்க முடியாது. பையை உட்புறம் திருப்பி, தையலோரம் பிசிர்விட்ட இடத்தைத் தேடுங்கள். கட்டக் கோடு போகும் இடத்தில் நூல்கள் சேர்ந்தோ தடித்தோ தெரிந்தால் அது நெய்த கட்டம்.