இரவு 2 மணிக்கு வந்தது என்ன?

ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடைக்கு சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். தினமும் இரவு 2 மணிக்கு அது தானாக எழுந்து, சப்ளையரின் தளத்திலிருந்து விலைப்பட்டியலை இறக்கி, கடைக் கணினியில் விலைகளைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, ஒரு வாரமா ஒரு விலைகூட மாறலையே. பழைய விலைக்கே பில் போட்டுட்டிருக்கோம்."

லாக்கைத் திறந்தேன்.

```
Refresh started
Refresh completed
Refresh started
Refresh completed
```

நான் எழுதிய லாக்தான். எந்த இரவு என்பதற்குத் தேதி இல்லை, எத்தனை விலை வந்தது என்பதற்கு எண் இல்லை. இறக்கிய கோப்பையாவது பார்க்கலாமென்றால், ஒவ்வொரு இரவும் அதே பெயரில் மேலெழுதி, பழையது அழிந்திருந்தது. ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினேன். ஒழுங்காக ஓடி, விலைகளெல்லாம் மாறிவிட்டன. இரவில் மட்டும் என்ன நடக்கிறது என்று சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை.

அன்று மாலை லாக்கை மாற்றி எழுதினேன். அடுத்த நாள் காலை அதில் இருந்தது இது:

```
2025-03-19T02:00:03+05:30 START
2025-03-19T02:00:05+05:30 FETCH http=200 bytes=13912
  line1=<!DOCTYPE html>
2025-03-19T02:00:06+05:30 LOAD read=0 updated=0
2025-03-19T02:00:06+05:30 END exit=0
```

முந்தின நாள் பகலில் இறங்கிய பட்டியல் 4 எம்பிக்கு மேல். இரவில் வந்தது 14 கேபிகூட இல்லை. கோப்பின் முதல் வரியில் மருந்துப் பெயர், விலை என்ற தலைப்புகள் இருக்க வேண்டும். இருந்தது ஒரு வலைப்பக்கத்தின் தொடக்கம். சப்ளையர் தளத்தில் நள்ளிரவில் பராமரிப்பு நடந்துகொண்டிருந்தது. பட்டியலுக்குப் பதிலாக 'பிறகு வாருங்கள்' என்ற அறிவிப்புப் பக்கத்தை அது அனுப்பியிருக்கிறது, அதுவும் 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 200 என்ற எண்ணோடு. என் ஸ்கிரிப்ட் அதில் விலை தேடி, ஒன்றும் கிடைக்காமல், பிழை எதுவும் நேராததால் வெற்றி என்று எழுதிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறது.

நம் கடைக் கணக்கு நோட்டில் 'வியாபாரம் நடந்தது' என்று யாரும் எழுதுவதில்லை. ஆரம்ப இருப்பு, வரவு, பற்று, முடிவு இருப்பு என்றுதான் எழுதுவார்கள். லாக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் என்ன செய்தது என்பதைவிட, அதன் கைக்கு என்ன வந்தது, கையிலிருந்து என்ன போனது என்பதே ஒரு வாரம் கழித்துப் பார்ப்பவருக்கு வேண்டும். நல்ல இரவுகளிலும் இந்த எண்களை எழுதியாக வேண்டும். வழக்கமாக 4 எம்பி வரும் என்று தெரிந்தால்தானே 14 கேபி கண்ணில் உறுத்தும்?

START வரியை வேலை தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். START இருந்து END இல்லையென்றால் நடுவில் கரண்ட் போயிருக்கலாம், அல்லது நிரலை யாரோ நிறுத்தியிருக்கலாம். START-ஏ இல்லையென்றால் வேலை தொடங்கவே இல்லை. தேட வேண்டிய இடம் `cron` அட்டவணை. இதில் ஒரு பொறி உண்டு. பைத்தானில் `print` எழுதுவது, கோப்புக்குத் திருப்பிவிடும்போது, உடனே கோப்பில் விழாது; நினைவகத்தில் சேர்ந்து மொத்தமாகத்தான் விழும். நடுவில் நின்றால் அந்த வரிகளும் சேர்ந்து போய்விடும். `python -u` என்று ஓட்டினால் வரிகள் அவ்வப்போதே பதிவாகும்.

நேரத்தோடு `+05:30` எழுதுவதற்கும் காரணம் உண்டு. பல சர்வர்களின் கடிகாரம் யுடிசி நேரத்தில் ஓடும். நமக்குப் புதன் இரவு 2 மணி என்பது அதற்குச் செவ்வாய் 20:30. ஒரு வாரம் கழித்து சப்ளையரிடம் 'எந்த நாள்?' என்ற கேள்வி வரும்போது, இந்தக் குழப்பத்தில் தவறான இரவைச் சொல்லிவிடுவோம்.

லாக் அந்த ஒரு வாரம் உயிரோடு இருக்கவும் வேண்டும். `>` என்று எழுதினால் ஒவ்வொரு இரவும் முந்தின இரவை அழித்துவிடும். `>>` தான் கீழே சேர்த்துக்கொண்டே போகும். இறக்கிய கோப்புகளையும் தேதி போட்ட பெயரில் 35 நாள் வைத்திருக்கிறேன். கடவுச்சொல் மட்டும் லாக்கில் வரக் கூடாது. இணைய முகவரிக்குள் ஒளிந்துகொண்டும் அது வந்துவிடும்.

இப்போது `read` வழக்கமான எண்ணில் பாதிக்குக் கீழே போனால் END வரியில் `exit=1` என்று விழுகிறது, கடைக்காரருக்குக் காலையில் மின்னஞ்சலும் போகிறது. உங்கள் இடத்திலும் இரவில் தானாக ஓடும் வேலை இருந்தால், இன்றே அதன் லாக்கைத் திறந்து, போன வாரம் இதே நாளில் எத்தனை வரி வந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.