‘ஷுட்னுதானே போட்டிருக்கீங்க?’

சென்னையில் நடுத்தரமான ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். மாத நடுவில் அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஒரு மெயில் போகிறது. பயணச் செலவு பில்களை 25ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் விஷயம். ‘ஆல் எம்ப்ளாயீஸ் ஷுட் சப்மிட்’ என்று தொடங்குகிறது வாக்கியம். 27ஆம் தேதி விற்பனைப் பிரிவுக்காரர் ஒருவர், மதுரை போய்வந்த பில்லை நீட்டுகிறார்.

“தேதி முடிஞ்சிடுச்சு சார். இனிமே அடுத்த மாசம்தான்.”

“ஷுட்னுதானே மேடம் போட்டிருக்கீங்க? மஸ்ட்னு போடலையே!”

வம்புக்கு இழுக்கிற பேச்சாகத் தெரியலாம். ஆனால் அவர் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது.

மஸ்ட், ஷுட் இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்து வைத்திருக்கும் புத்தகம் ஒன்று பிரிட்டனில் உண்டு. 1931இல் முதலில் வெளியான ‘ஹைவே கோட்’ என்ற சாலை விதித் தொகுப்பு அது. அதில் ‘மஸ்ட்’ பெரிய எழுத்துகளில் வந்தால், அந்த விதிக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது, மீறினால் குற்றம் என்று அர்த்தம். ‘ஷுட்’ வந்தால் அது அறிவுரை. இரவில் சைக்கிளின் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும் என்பது மஸ்ட். சைக்கிளில் போகிறவர் ஹெல்மெட் போட வேண்டும் என்பது ஷுட். ஹெல்மெட் இல்லை என்பதற்காக அவர்மீது யாரும் வழக்குப் போட முடியாது. அதற்காக ஷுட்டைத் தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. விபத்து வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், இந்த அறிவுரைகளை மீறியதையும் சாட்சியமாக எடுத்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது.

இணையத்தைக் கட்டிய பொறியாளர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. 1997இல் ஸ்காட் பிராட்னர் என்பவர் RFC 2119 என்ற சிறு ஆவணத்தை எழுதி, தொழில்நுட்ப விதிகளில் வரும் இந்தச் சொற்களுக்குப் பொருளை வரையறுத்தார். மஸ்ட் என்றால் விதிவிலக்கே கிடையாது. ஷுட் என்றால், குறிப்பிட்ட சூழலில் தக்க காரணம் இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் விடுவதற்கு முன் விளைவுகளை முழுதாகப் புரிந்து எடைபோட்டிருக்க வேண்டும்.

மதுரை பில்காரருக்குப் பாதி நியாயம்தான் என்பது இதனால்தான். ‘கடைசி நாள் ரயில் தாமதமாகிவிட்டது’ என்றால் ஷுட் அவரைக் காப்பாற்றும். மறந்துவிட்டார் என்றால் காப்பாற்றாது. சிக்கல் என்னவென்றால், காரணம் தக்கதா இல்லையா என்று முதலில் தீர்மானிக்கும் உரிமையை அந்தச் சொல் படிப்பவர் கையில் கொடுத்துவிடுகிறது. கொடுத்ததே தெரியாமல்தான் அக்கவுன்ட்ஸ் பிரிவு அந்த மெயிலை அனுப்பியிருக்கிறது.

ஏன் கொடுத்தார்கள்? தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியதால் என்று தோன்றுகிறது. ‘பில் கொடுக்கணும்’ என்ற ஒரே சொல்லை உத்தரவாகவும் சொல்லலாம், யோசனையாகவும் சொல்லலாம். குரலும் முகமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மெயிலில் குரல் கிடையாது. அங்கே ‘ணும்’ எந்த ஆங்கிலச் சொல்லாக மாறுகிறதோ, அதுதான் தொனி. மஸ்ட் அதட்டுவதுபோல இருக்கிறதே என்று பலரும் ஷுட்டில் போய் ஒதுங்குகிறார்கள்.

அந்தக் கூச்சம் ஆங்கிலேயருக்கும் உண்டு. 1961, 1991 ஆகிய இரு ஆண்டுகளின் பிரிட்டிஷ் அச்சு எழுத்துகளை மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மஸ்ட்டின் பயன்பாடு கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. மேலே நின்று ஆணையிடுகிற குரல் அதில் கேட்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஷுட் எப்போதும் சாது என்றும் நினைத்துவிடக் கூடாது. ‘ஷுட் ஹேவ் சப்மிட்டட்’ என்று இறந்த காலத்துக்குத் தள்ளினால் அது அப்படியே நம் ‘கொடுத்திருக்கணும்’ ஆகிவிடுகிறது. நினைவூட்டல் போய்க் குத்திக்காட்டல் வந்துவிடும். ‘நீங்கள் இதற்குள் கொடுத்திருக்க வேண்டும்’ என்று எல்லோருக்கும் ஒரே மெயில் போனால், ஒழுங்காகக் கொடுத்தவருக்கும் சேர்த்துத் திட்டு விழுகிறது.

மூன்றாவது சொல் ‘ஹேவ் டு’. இலக்கண ஆசிரியர்கள் சொல்லும் வேறுபாடு இது: மஸ்ட்டில் கட்டாயம் பேசுபவரிடமிருந்து வருகிறது, ஹேவ் டுவில் வெளியிலிருந்து வருகிறது. தமிழில் ‘செய்ய வேண்டியிருக்கு’ என்று சொல்லும்போது தொனிக்கிற அதே கைகட்டிய நிலை. சம்பளத்தில் வரி பிடித்துக் கட்டுவது சட்டப்படி நிறுவனத்தின் பொறுப்பு. ஆகவே சேமிப்புச் சான்றுகளைக் கேட்கும்போது ஹேவ் டு பொருத்தமாக உட்காருகிறது. நாங்களும் உங்களைப்போல மாட்டிக்கொண்டவர்கள்தான் என்ற தோழமை அதில் இருக்கிறது. மேலாளர் நேற்று மாலை தானே முடிவுசெய்த விதிக்கு ஹேவ் டு போட்டால்தான் வம்பு. யாரோ எங்கிருந்தோ சொன்னதுபோலக் காட்டுகிறது. ‘யார் சொன்னது?’ என்று ஒருவர் பதில் மெயிலில் கேட்டால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

எதிர்மறையில் ஆபத்து இன்னும் கூடுகிறது. ‘மஸ்ட் நாட்’ தடை, அதாவது ‘கூடாது’. ‘டோன்ட் ஹேவ் டு’ விலக்கு, அதாவது ‘தேவையில்லை’. தமிழில் ‘சனிக்கிழமை வர வேண்டாம்’ என்று சொன்னால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். மின் இணைப்பைத் துண்டித்துப் பராமரிப்பு வேலை நடக்கும் நாளென்றால் மஸ்ட் நாட் வேண்டும். டோன்ட் ஹேவ் டு போட்டால், பாக்கி வேலையை முடித்துவிடலாம் என்று நாலு பேர் வந்து இருட்டு லிஃப்ட் முன்னால் நிற்பார்கள். வேலை குறைவு, விருப்பமிருந்தால் வரலாம் என்ற நாளில் மஸ்ட் நாட் போட்டால், ‘நாம் என்ன தப்பு செய்தோம்?’ என்று கலங்குவார்கள்.

அந்த பில் மெயிலை மூன்று சொற்களையும் உரிய இடத்தில் வைத்து எழுதிப் பார்க்கலாம். 26ஆம் தேதி சம்பளக் கணக்கு மூடப்படுவதால் 25க்குள் பில் வந்தே ஆக வேண்டும்: இங்கே மஸ்ட். கூடவே, பிந்தி வருகிற பில்லுக்கு அடுத்த மாதம் பணம் கிடைக்கும் என்றும் எழுதிவிட வேண்டும். விளைவைச் சொல்லாத மஸ்ட் வெறும் அதட்டல். பில் தொலைந்துபோகலாம் என்பதால் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது: இங்கே ஷுட். ஓட்டல் பில்லில் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் இருந்தால்தான் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வரிச் சட்டம் விடும். ஆகவே எண் இருந்தாக வேண்டும்: இங்கே ஹேவ் டு, காரணத்தோடு.

அடுத்த மாதம் அதே விற்பனைப் பிரிவுக்காரர் 24ஆம் தேதியே வந்து நிற்கிறார். இந்தத் தடவை தேதி சரி. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை.

“இது யாரோட ரூல் மேடம்?”

“எங்க ரூல் இல்ல சார். மெயில்லயே இருக்கு, பாருங்க.”

பார்க்கிறார். பிறகு ஒன்றும் பேசாமல் போனை எடுத்து மதுரை ஓட்டலின் எண்ணைத் தேடுகிறார்.