பறிமுதலான பைக் எப்போது திரும்பும்?

சென்ற ஆண்டு ஒரு திங்கள்கிழமை காலை என் அலுவலகத்துக்கு வந்த ஒருவர், உட்காருவதற்கு முன்பே கேட்டார்: "வண்டியை எப்ப சார் எடுக்கலாம்?" அவருடைய 17 வயது மகன் முந்தைய நாள் அதிகாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி வண்டியை ஓட்டி, காவலர்களிடம் பிடிபட்டிருந்தான். நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. தந்தையின் பெயரில் கடனில் வாங்கிய வண்டி அது. அதை மீட்பது மட்டுமே பிரச்சினை என்று அவர் நினைத்திருந்தார். வண்டி வந்துவிடும், ஆனால் வழக்கில் உங்கள் பெயரும் வரும் என்றேன்.

பைக் பந்தயத்தையும் 'வீலிங்' சாகசத்தையும் நாம் ஒன்றாகவே பேசுகிறோம். சட்டம் அவற்றைப் பிரித்துப் பார்க்கிறது. மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதியின்றிப் பொது இடத்தில் நடக்கும் பந்தயம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவில் வருகிறது. ஓட்டுபவருடன், அதை அனுமதிப்பவரும் குற்றவாளி. முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். தனியாக வீலிங் செய்வது பந்தயமாகாது. அதற்கு அபாயகரமாக ஓட்டுவது குறித்த 184-ஆம் பிரிவு பொருந்தும். அதில் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இவ்விரு பிரிவுகளிலும் வண்டியை நிரந்தரமாகப் பறித்துக்கொள்ளும் தண்டனை இல்லை. 'பைக் பறிமுதல்' என்று செய்திகளில் நாம் படிப்பது பெரும்பாலும் தற்காலிகக் கைப்பற்றலே. ஓட்டியவருக்கு உரிமமோ உரிய வயதோ இல்லை, வண்டிக்குப் பதிவு இல்லை என்பன போன்ற காரணங்களுக்காக வண்டியைத் தடுத்து வைக்க 207-ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. அந்தப் பட்டியலில் பந்தயமோ சாகசமோ இல்லை. எல்லா ஆவணங்களும் வைத்திருக்கும் 20 வயது இளைஞர் வீலிங் செய்தால், அவரது வண்டியை வழக்கின் சான்றுப் பொருளாகத்தான் கைப்பற்ற முடியும். அப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி, கைப்பற்றியதைக் குற்றவியல் நடுவருக்குக் காவல் துறை தெரிவிக்க வேண்டும்.

நடுவரிடம் மனுச் செய்து உரிமையாளர் வண்டியைத் திரும்பப் பெறலாம். கைப்பற்றிய வாகனங்களைக் காவல் நிலையங்களில் நெடுங்காலம் போட்டு வைக்கக் கூடாது; புகைப்படம் எடுத்து, பிணைப்பத்திரம் பெற்று ஒப்படைக்கலாம் என 2002-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பொதுவாக, வண்டியை விற்கக் கூடாது, மாற்றியமைக்கக் கூடாது, அழைக்கும்போது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனைகள் விதிக்கப்படும்.

அதனால், உரிமம் உள்ளவருக்கு உண்மையான இழப்பு வண்டியல்ல, உரிமம்தான். 2019 திருத்தத்தின்படி, இக்குற்றங்களில் ஓட்டுநர் உரிமத்தைக் காவலர் கைப்பற்றிப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பலாம். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விபத்துக்குள்ளான யூடியூபர் ஒருவரின் உரிமம் 10 ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது.

உரிமம் பெறும் வயதை எட்டாத சிறுவன் என்றால், சட்டத்தின் பார்வை பெற்றோர் மீது திரும்புகிறது. 199ஏ பிரிவின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பாதுகாவலரோ உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். அவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறுவனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. பெற்றோருக்குத் தெரிந்தே வண்டி எடுக்கப்பட்டது என்றுதான் நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். தமக்குத் தெரியாது என்றோ, தடுக்க இயன்றதை எல்லாம் செய்தோம் என்றோ நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்களே.

அந்தத் தந்தையிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். சாவி எங்கே இருந்தது? "டிவி பக்கத்துல ஆணியில." மகன் இதற்குமுன் இப்படி ஓட்டியது தெரியுமா? அவர் பதில் சொல்லவில்லை, கைப்பேசியை நீட்டினார். மகன் வெளியிட்டிருந்த மூன்று வீலிங் காணொளிகள் இருந்தன. மூன்றிலும் தந்தை 'லைக்' போட்டிருந்தார். 'எனக்குத் தெரியாது' என்ற வாதம் அங்கேயே முடிந்தது.

நீதிமன்ற உத்தரவு பெற்று வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. மாதத் தவணையும் தவறாமல் போகிறது. வழக்கில் குற்றம் உறுதியானால், அந்த வண்டியை ஓராண்டுக்கு அவரேகூடச் சாலையில் எடுக்க முடியாது. இப்போது மகனைவிட அவர்தான் வாய்தாவுக்கு முன்கூட்டியே வந்து நிற்கிறார்.